மஞ்சள் கடுதாசி வந்தால் சங்கம் எழுத வேண்டியது

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னைக் கடற்கரையின் முதல் வரிசையில், இன்று ராஜாஜி சாலை எனப்படும் வீதியில், ஆர்பத்நாட் கம்பெனி கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டது. ஓய்வூதியக்காரர், விதவையர், கோயில் தருமகர்த்தாக்கள் எனப் பலதரப்பட்டவர்கள் அக்கம்பெனியின் நாணயத்தை நம்பிப் பணம் போட்டிருந்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பின்னர்ச் சிறைத் தண்டனை பெற்றார். சென்னை மக்களுக்கென ஒரு வங்கி வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, மறு ஆண்டே இந்தியன் வங்கி தோன்றியது. இவை பலரும் அறிந்த செய்திகள். கம்பெனி நொடித்த மறுநாள் முதல் கடன் கொடுத்தவன் நிலை என்னவாயிற்று என்பதே நமக்கு வேண்டிய பாடம். வாசலில் நின்று கூக்குரலிட்டதனால் எவருக்கும் காசு வரவில்லை. நீதிமன்றம் நியமித்த அலுவலரிடம் தனக்கு வரவேண்டியது இன்னது, அதற்குச் சான்று இன்னது என எழுதிக் கொடுத்தவனுக்கே பங்கு என்று ஒன்று இருந்தது.

சட்டம் பலமுறை மாறியும் அந்த விதி மாறவில்லை. இன்று நடைமுறையில் இருப்பது 2016-ஆம் ஆண்டின் திவால் மற்றும் நொடிப்புச் சட்டம். நம் நெசவாளர் சங்கங்களும் விளைவிப்போர் சங்கங்களும் கம்பெனிகளுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்துவருவதால், அச்சட்டத்தின்கீழ் உரிமைக் கோரிக்கை எழுதும் முறையைச் செயலாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நான் கண்ட பிழைகளை மனத்திற்கொண்டு, வியாசர்பாடியில் கிடங்கு வைத்திருந்த ஒரு ஜவுளிக் கம்பெனியை உதாரணமாக அமைத்து இதனை விளக்குகிறேன்.

மூடுவது வேறு, நொடிப்பது வேறு

ஆலை வாசலில் மூடல் அறிவிப்பு ஒட்டப்பட்டதும் கம்பெனி திவாலாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வியாசர்பாடிக்கு அடுத்த பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆலை நின்றதே தவிர, அதன் சொந்தக்காரக் கம்பெனி அன்றே மறைந்துவிடவில்லை. தறியும் இயந்திரமும் நின்றாலும் கம்பெனி சட்டப்படி உயிரோடு இருக்கும்; அதன் கடனும் இருக்கும்.

இவ்வாறு வெறும் மூடல் மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கே பாக்கியைக் கேட்டு, சேர்ப்புச் சான்றுடன் விரைவுத் தபாலில் எழுதவேண்டும். அத்துடன், பேரேட்டின் நகலை வைத்து, இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி உள்ளது எனக் கம்பெனியிடம் கையொப்பம் வாங்குதல் நலம். பாக்கிக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். வாய்ச்சொல்லுக்கு அந்தப் பலன் இல்லை.

நொடிப்பு என்பது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒரு மனுவை ஏற்றுக்கொண்டு ஆணையிடும்போது தொடங்குவது. சென்னைத் தீர்ப்பாயமும் அதே ராஜாஜி சாலையில்தான் அமர்கிறது. ஆணை பிறந்த நாள் முதல் இயக்குநர்களின் அதிகாரம் நிறுத்திவைக்கப்படுகிறது. இடைக்காலத் தீர்வு நிபுணர் என்னும் பதிவு பெற்ற அலுவலர் கம்பெனியைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். கம்பெனியின்மீது வழக்குத் தொடுப்பதற்கும், நடக்கும் வழக்கை மேலே நடத்துவதற்கும் தடைக்காலம் பிறக்கிறது. ஆதலின் அந்த நாளுக்குப் பின் பழைய மேலாளருக்கோ இயக்குநருக்கோ எழுதும் கடிதம் எவ்வளவு காரசாரமாயிருப்பினும் பயனற்றது. ஒரு சங்கத்தின் கோப்பில் இப்படிப்பட்ட ஏழு நினைவூட்டுக் கடிதங்களைக் கண்டேன். ஏழும் பழைய மேலாளர் பெயருக்கே போயிருந்தன. தீர்வு நிபுணருக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கடன் கொடுத்தோர் பட்டியலில் அச்சங்கத்தின் பெயரும் இல்லை.

அறிவிப்பில் பார்க்க வேண்டியவை

தீர்வு நிபுணர் நியமனம் பெற்ற மூன்று நாட்களுக்குள் பகிரங்க அறிவிப்பு வெளியிட வேண்டும். கம்பெனியின் அலுவலகம் உள்ள ஊரில் பரவலாக வாசிக்கப்படும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அது வரும். இந்திய திவால் மற்றும் நொடிப்பு வாரியத்தின் ibbi.gov.in என்னும் இணையப் பக்கத்திலும் காணலாம். அதில் சங்கம் குறித்துக்கொள்ள வேண்டியவை மூன்று: நொடிப்பு தொடங்கிய தேதி, தீர்வு நிபுணரின் பெயரும் முகவரியும், கோரிக்கை அனுப்பக் கடைசித் தேதி.

கடைசித் தேதி, நியமன நாளிலிருந்து பதினான்காம் நாள். இது மிகக் குறுகிய காலம். தவறியவர்களுக்கு, நொடிப்பு தொடங்கிய தேதியிலிருந்து 90 நாள் வரையிலோ, கம்பெனியை எடுத்து நடத்த முன்வருவோரிடம் திட்டம் கேட்டு அழைப்பு விடுக்கும் நாள் வரையிலோ, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை, தாமதத்திற்குக் காரணம் காட்டி அனுப்ப இடமுண்டு. அதுவும் கடந்தால் காரியம் தீர்ப்பாயத்தின் தயவைப் பொறுத்ததாகிவிடும். திட்டம் தீர்ப்பாயத்தால் ஏற்கப்பட்ட பின், அத்திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அற்றுப்போகும் என உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறிவிட்டது. அதாவது, கம்பெனி புதிய கைக்கு மாறி மீண்டும் இலாபத்தில் ஓடினாலும், பட்டியலில் இல்லாத சங்கம் போய்க் கேட்க முடியாது.

ஒரே பாக்கியில் மூன்று கூறு

இனி உதாரணத்துக்கு வருவோம். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் கிடங்கு வைத்திருந்த கம்பெனிக்குப் படுக்கை விரிப்புகள் அனுப்பிவந்தது. விரிப்பு ஒன்றுக்கு ரூ.400. எளிமை கருதி வரியை விட்டுவிடுவோம். கம்பெனியின் நொடிப்பு 2024 ஜூன் 10-ஆம் தேதி தொடங்கியது. அன்றே தீர்வு நிபுணரும் நியமனம் பெற்றார். எனவே கோரிக்கைக்குக் கடைசி நாள் ஜூன் 24.

சங்கத்தின் பேரேட்டில் அக்கம்பெனியின் பெயரில் உள்ள பதிவுகள் இவை. ஜனவரி 12-இல் 600 விரிப்பு, ரூ.2,40,000. பிப்ரவரி 20-இல் 500 விரிப்பு, ரூ.2,00,000. மார்ச் 15-இல் வரவு ரூ.1,50,000, பிப்ரவரி பில்லுக்கென்று கம்பெனியே கடிதத்தில் குறித்து அனுப்பியது. ஏப்ரல் 3-இல் விற்றால் பணம், விற்காவிடில் சரக்குத் திரும்ப என்னும் நிபந்தனையில் 300 விரிப்பு, ரூ.1,20,000. ஜூன் 18-இல் 150 விரிப்பு, ரூ.60,000. கூட்டிக் கழித்தால் பேரேட்டில் நிற்கும் பாக்கி ரூ.4,70,000.

செயலாளர் இந்த ரூ.4,70,000-ஐ அப்படியே படிவத்தில் எழுதிக் கையொப்பமிட ஆயத்தமானார். பேரேட்டுக்கு அது சரியான தொகை. சட்டத்துக்கு அது ஒரே தொகையன்று. மூன்று வேறு பொருள்கள்.

முதற் கூறு, நொடிப்பு தொடங்குமுன் விற்று முடிந்த சரக்கின் விலை. ஜனவரி பில் முழுவதும் ரூ.2,40,000, பிப்ரவரி பில்லின் மீதி ரூ.50,000. நிபந்தனைச் சரக்கில் 100 விரிப்பு விற்றுவிட்டதாக மே மாத இறுதிக் கணக்கில் கம்பெனியே எழுதியிருந்ததால் அதற்கு ரூ.40,000. ஆக ரூ.3,30,000. கோரிக்கைப் படிவத்தில் ஏற வேண்டியது இதுவும் இதற்குரிய வட்டியுமே.

இரண்டாம் கூறு, விற்கப்படாமல் வியாசர்பாடிக் கிடங்கில் கிடக்கும் 200 விரிப்பு. அவற்றைக் கம்பெனி இன்னும் வாங்கவில்லை. காவலுக்கும் விற்பனைக்கும் தன்னிடம் வைத்திருக்கிறது, அவ்வளவே. பிறர்க்குச் சொந்தமாயிருந்து, ஒப்பந்தத்தின்பேரில் கம்பெனியின் வசம் உள்ள பொருள் கம்பெனியின் சொத்தாகாது என்று அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு விளக்குகிறது. ஆகவே இதற்குப் பணம் கோருவது தவறு. சரக்கையே திரும்பக் கேட்க வேண்டும். ரூ.80,000 என்று கடனோடு சேர்த்து எழுதினால், சரக்கை நாங்கள் விற்றுவிட்டோம் என்று சங்கமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு அந்த விரிப்புகள் கம்பெனியின் பொதுச் சொத்தோடு கலந்துவிடும்.

மூன்றாம் கூறு, ஜூன் 18-இல் அனுப்பிய 150 விரிப்பு. அந்நாளில் கம்பெனி தீர்வு நிபுணரின் கையில் இருந்தது. கம்பெனியைத் தொடர்ந்து நடத்துவதற்காக அவர் கேட்டு வாங்கிய சரக்கின் விலை, நொடிப்பு நடவடிக்கையின் செலவாகக் கருதப்படும். பழைய கடன்கள் அனைத்துக்கும் முன்னதாக அதனை முழுமையாகத் தீர்க்க வேண்டும். ஆனால் அவர் கேட்டார் என்பதற்கு எழுத்து வேண்டும். கிடங்குக் கணக்கர் தொலைபேசியில் சொன்னார் என்பது போதாது. ஜூன் 10-க்குப் பின் வரும் எந்த ஆர்டரையும் தீர்வு நிபுணரிடமிருந்தோ அவர் அதிகாரமளித்தவரிடமிருந்தோ எழுத்தில் பெற்ற பின்னரே சரக்கை வண்டியில் ஏற்றுதல் வேண்டும்.

இவ்வாறு பிரிப்பதால் என்ன வேறுபாடு? சரக்குக் கொடுத்தவர்களைச் சட்டம் செயல்பாட்டுக் கடன் கொடுத்தோர் என்கிறது. கம்பெனி கலைக்கப்பட்டு அதன் சொத்து விற்கப்படுமானால், நடவடிக்கைச் செலவும், தொழிலாளர் கூலியும், ஈடு வாங்கிய வங்கிகளின் கடனும், பிற முன்னுரிமைக் கடன்களும் தீர்ந்த பின்னரே அவர்கள் முறை வரும். அங்கே ரூபாய்க்குச் சில பைசா கிடைப்பதும், ஒன்றுமே கிடைக்காததும் உண்டு. ஆகவே முதற் கூறான ரூ.3,30,000 பெரிய தொகையாயினும் நிச்சயமற்றது. மற்ற இரண்டும் சேர்ந்து ரூ.1,40,000-தான், ஆயினும் கைக்கு வரக்கூடியவை அவையே. மூன்றையும் ஒரே தொகையாக எழுதும் செயலாளர், வரக்கூடியதைக் கொண்டுபோய் வராததோடு சேர்த்துவிடுகிறார்.

படிவத்தை நிரப்பும் முறை

செயல்பாட்டுக் கடன் கொடுத்தோருக்கு உரியது 'பி' படிவம். வங்கி போன்ற நிதிக் கடன் கொடுத்தோருக்கு 'சி' படிவம்; கம்பெனியின் தொழிலாளருக்கு 'டி' படிவம். நம் உறுப்பினர்கள் நெய்தது அக்கம்பெனிக்கான துணியே ஆனாலும், அவர்களுக்குக் கூலி தருவது சங்கம். ஆதலின் அவர்கள் கம்பெனியின் தொழிலாளர் ஆகார். படிவம் வாரியத்தின் இணையப் பக்கத்தில் கிடைக்கும். கட்டணம் ஏதுமில்லை. சான்று திரட்டும் செலவு மட்டும் நம்முடையது.

தொகை எழுதுகையில் நொடிப்பு தொடங்கிய தேதியில் நின்ற பாக்கியையே எழுத வேண்டும். வட்டியும் அந்தத் தேதியோடு நிற்கும். வட்டி கேட்க ஆதாரம் வேண்டும். பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதியிருக்கவேண்டும், அல்லது சட்டம் அளித்திருக்கவேண்டும். நம் உதாரணத்தில், 45 நாட்களுக்குப் பின் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்று இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இருந்தது. ஜனவரி பில்லுக்கு 45 நாள் பிப்ரவரி 26-இல் முடிகிறது. அங்கிருந்து ஜூன் 10 வரை 105 நாளுக்கு ரூ.2,40,000-க்கு வட்டி ரூ.8,285. பிப்ரவரி பில்லின் மீதி ரூ.50,000-க்கு ஏப்ரல் 5 முதல் 66 நாள் வட்டி ரூ.1,085. அசலும் வட்டியும் சேர்ந்து கோரிக்கை ரூ.3,39,370. இந்தக் கணக்கைத் தனித் தாளில் வரிவரியாக எழுதி இணைத்தல் வேண்டும். சரிபார்ப்பவர் நம் கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து அதே தொகைக்கு வரவேண்டும். அதுவே நல்ல கோரிக்கையின் அடையாளம்.

சான்றுகளில் பில்லின் நகல் மட்டும் போதாது. பில் நாம் எழுதிக்கொள்வது. கம்பெனி சரக்கைப் பெற்றது என்பதைக் காட்டுவது, அதன் கிடங்கு முத்திரையும் கையொப்பமும் உள்ள சலான். ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் பின்னால் அதற்குரிய ஆர்டர், சலான், மின்வழிச் சீட்டு, சரக்கு சேவை வரிக் கணக்கில் அப்பில் காட்டப்பட்டதற்கான நகல் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே வைக்கவேண்டும். கடைசியில் பேரேட்டு நகலும், வந்த பணத்தைக் காட்டும் வங்கிக் கணக்கு நகலும் இருக்கட்டும். முத்திரையிட்ட சலான் இல்லாத பில்தான் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. கையில் சலான் இல்லையெனில், கம்பெனி அந்தப் பில்லைக் குறிப்பிட்டு எழுதிய கடிதமோ மின்னஞ்சலோ உள்ளதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

படிவத்தில் தகராறு உண்டா என்று ஒரு கேள்வி உள்ளது. ஜனவரிச் சரக்கில் 20 விரிப்புகளுக்குச் சாயம் போகிறது என்று கம்பெனி புகார் எழுதியிருந்தது. அதன் மதிப்பு ரூ.8,000. செயலாளர் இதனை மறைக்க எண்ணினார். மறைத்தல் கூடாது. கம்பெனியின் கோப்பில் அப்புகார் இருக்கும். தீர்வு நிபுணர் அதைக் காண்பார். ஒரு பொய் அகப்பட்டால் முழுக் கோரிக்கையும் ஐயத்துக்கு உள்ளாகும். புகார் வந்தது, இன்ன தேதியில் மறுத்து எழுதினோம், எனவே தொகையைக் குறைக்கவில்லை என்று நேரே எழுதிவிட்டால், தகராறு அந்த ரூ.8,000-க்குள் அடங்கிவிடும்.

சரக்கின்மேல் சொந்த உரிமை நம்மிடமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் படிவம் கேட்கிறது. நிபந்தனைச் சரக்கைப் பற்றி அங்கே குறித்து, தனிக் கடிதத்தைப் பார்க்கவும் என்று எழுதவேண்டும். முடிவில் உறுதிமொழியும் சரிபார்ப்பும் உள்ளன. சங்கத்தின் சார்பில் கையொப்பமிடுபவருக்கு அதிகாரமளிக்கும் நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலையும் இணைக்க வேண்டும். பதினான்கு நாளில் குழுவைக் கூட்டுவது கடினமாதலால், அறிவிப்பைக் கண்ட அன்றே கூட்ட அறிவிப்பை அனுப்பிவிடுதல் நன்று.

கடன் கொடுத்தவர் யார்?

விளைவிப்போர் சங்கங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. சங்கமே உறுப்பினரிடம் விளைச்சலை வாங்கித் தன் பெயரில் கம்பெனிக்குப் பில் போட்டிருந்தால், கடன் கொடுத்தது சங்கம். ஒரே கோரிக்கை போதும். விளைவித்தவர் நேரே ஆலைக்கு அனுப்பி, எடைச் சீட்டு அவர் பெயரில் இருந்தால், கடன் கொடுத்தவர் அவரே. சங்கம் தன் பெயரில் எல்லார்க்கும் சேர்த்து ஒரு மனு அனுப்பினால் அது யாருடைய கோரிக்கையுமாகாது. ஒவ்வொருவரும் தனித்தனிப் படிவத்தில் கையொப்பமிட, சங்கம் அவற்றைத் தொகுத்து அனுப்பலாம்.

தஞ்சை மாவட்டத்துத் திருமண்டங்குடிச் சர்க்கரை ஆலை நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டுப் புதிய உரிமையாளர் கைக்கு மாறியது. கரும்புப் பாக்கியைக் கேட்டும், தங்கள் பெயரில் வங்கிகளில் நிற்கும் கடனைத் தீர்க்கக் கோரியும் விவசாயிகள் 2022 நவம்பரில் அங்கே போராட்டம் தொடங்கினர். அங்குள்ள பிரச்சினையில் இரண்டு வேறு கணக்குகள் இருப்பதைக் கவனிக்க. ஆலை தரவேண்டிய கரும்பு விலை ஒன்று. அதற்கு எடைச் சீட்டே சான்று. விவசாயி பெயரில் வங்கியில் உள்ள கடன் மற்றொன்று. ஆலை கட்டுவதாகச் சொன்ன கடனாயினும், வங்கியின் ஏட்டில் கடன்பட்டவர் விவசாயி. ஆலை நொடித்ததனால் அக்கடன் வங்கிக் கணக்கில் தானே தீராது. எனவே ஆலை கட்டும் என்று எழுதிக் கொடுத்த உறுதிக் கடிதம் எதுவாயினும், அதன் நகலோடு அதனையும் தனி இனமாகக் கோரிக்கையில் காட்டுதல் வேண்டும். கரும்பு விலையோடு அதைக் கலந்து ஒரே தொகையாக எழுதினால் இரண்டுமே தெளிவிழக்கும்.

அனுப்பிய பின்

கோரிக்கையை நேரிலோ, தபாலிலோ, மின்னஞ்சலிலோ கொடுக்கலாம். மின்னஞ்சலில் அனுப்பி, அதே நாளில் விரைவுத் தபாலிலும் அனுப்புதல் பாதுகாப்பு. கடைசித் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் தீர்வு நிபுணர் கோரிக்கைகளைச் சரிபார்த்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது ஜூலை 1. அன்று முதல் பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டும். அதில் கோரிய தொகை ஒன்றாகவும் ஏற்ற தொகை வேறொன்றாகவும் இருக்கக்கூடும். உதாரணச் சங்கத்துக்கு ரூ.3,31,370 ஏற்கப்பட்டு, சாயப் புகாரின் ரூ.8,000 மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது என்று கொள்வோம். அதற்குக் காரணம் கேட்டு, நாம் மறுத்து எழுதிய கடிதத்தை மீண்டும் அனுப்பலாம். தீர்வு நிபுணர் மறுத்தால் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம், ஆனால் ரூ.8,000-க்காக வழக்கறிஞருக்கு அதைவிட அதிகம் செலவிடுவதா என்பதை நிர்வாகக் குழு எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர்த் திட்டம் எதுவும் ஏற்கப்படாமல் கம்பெனியைக் கலைக்க ஆணை வந்தால், கலைப்பாளர் புதிய அறிவிப்பு வெளியிடுவார். முன்பே கொடுத்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், அந்த அறிவிப்பில் கேட்டபடி அதன் தேதிக்குள் மறுமொழி அனுப்பி, முதற் கோரிக்கையின் நகலையும் இணைத்துவிட வேண்டும்.

கிடங்கில் உள்ள சரக்குக்குத் தனிக் கடிதம் வேண்டும் என்றேன். அதற்குச் சட்டத்தில் படிவம் இல்லை. கீழ்க்காணுமாறு எழுதலாம்:

"ஐயா, மேற்படி கம்பெனியின் நொடிப்பு 10-6-2024-இல் தொடங்கியதாக வெளியான அறிவிப்பைக் கண்டோம். எங்கள் சங்கம் 3-4-2024 தேதியிட்ட சலான்படி 300 படுக்கை விரிப்புகளை, விற்றவற்றுக்கு மட்டும் விலை, விற்காதவை எங்களுக்கே சொந்தம் என்னும் நிபந்தனையுடன் கம்பெனியின் வியாசர்பாடிக் கிடங்கில் ஒப்படைத்தது. 31-5-2024 வரை 100 விற்றதாகக் கம்பெனி கணக்கு அனுப்பியுள்ளது. அந்த 100-க்குரிய தொகையைத் தனியே 'பி' படிவத்தில் கோரியுள்ளோம். மீதி 200 விரிப்புகள் எங்கள் சங்கத்தின் சொத்து. ஒவ்வொன்றிலும் எங்கள் சங்கத்தின் முத்திரைச் சீட்டு தைக்கப்பட்டுள்ளது. அவற்றைக் கம்பெனியின் சொத்துப் பட்டியலில் சேர்க்காமல் தனியே வைக்கவும், எங்கள் பிரதிநிதி வந்து எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்ல நாள் குறிக்கவும் வேண்டுகிறோம். ஒப்பந்தம், சலான், மே மாதக் கணக்கு ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன."

இக்கடிதத்தின் வலிமை இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று, நிபந்தனை எழுதிய ஒப்பந்தம். மற்றொன்று, விரிப்பில் தைத்த முத்திரைச் சீட்டு. கிடங்கில் பல சங்கங்களின் விரிப்புகள் ஒரே நிறத்தில் அடுக்கியிருக்கையில், இவை நம்முடையவை என்று காட்ட அந்தச் சீட்டைத் தவிர வேறு வழியில்லை. இவ்விரண்டும் கம்பெனி நன்றாக நடக்கும் காலத்தில் செய்துகொள்ள வேண்டியவை. நொடித்த பின் செய்ய இயலாது. ஆகவே, நிபந்தனையின்பேரில் வெளியே சரக்கு வைத்திருக்கும் சங்கத்தார், அடுத்த வண்டி புறப்படுமுன் சலானில் அந்த நிபந்தனை வரியும், ஒவ்வொரு துணியிலும் சங்கத்தின் சீட்டும் உள்ளனவா என்பதைப் பார்த்துக்கொள்க. அடுத்த ஆய்வில் நான் முதலில் கேட்கவிருப்பதும் அந்தச் சலான் புத்தகத்தையே.